கோ-வொர்க்கிங் சீட்டா, வீட்டுக் காலி அறையா: மாதச் செலவை எப்படி எண்ணுவது

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கோ-வொர்க்கிங் சீட்டுக்கு மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு கேட்கிறார்கள், வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, பிறகு எதற்குச் செலவு? எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் இதையே திருப்பிப் போடுகிறார்கள்: வீட்டு அறைக்கும் வாடகை கொடுக்கிறோமே, ஏசி ஓடுகிறதே, அப்படியானால் வீடு மட்டும் இலவசமா? இரண்டு தரப்பும் பாதிதான் எண்ணுகிறது. இந்த முடிவால் எந்த ரூபாய் மாறுகிறதோ அதை மட்டும் எண்ண வேண்டும். எப்படியும் போகிற பணம் எந்தப் பக்கத்திலும் வரக் கூடாது.

சொல்ல எளிது. ஆனால் கரண்ட் பில்லிலும் வாடகையிலும் "மாறுகிற ரூபாய்" எது என்று கண்டுபிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதனால் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை கணக்குப் போட்டுப் பார்ப்போம். குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. கணவர் வெளியே வேலைக்குப் போகிறார், பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை. மனைவி சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறார். ஒரு நிறுவனத்துக்கு மாதம் எட்டாயிரம் ரூபாய், அதற்குச் சுமார் இருபது மணி நேர வேலை. கையில் ஒரு லேப்டாப், கூடவே ஒரு மானிட்டர். இரண்டாவது அறை ஊரிலிருந்து யாராவது வந்தால் தங்க, மற்ற நாளில் துணி காயப்போட. அவர் பார்த்து வைத்திருக்கும் கோ-வொர்க்கிங் இடம் கிண்டியில், வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுத் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

கரண்ட் பில்: சராசரி ஏமாற்றும்

வீட்டுப் பக்கத்தில் பெரிய செலவு மின்சாரம்தான். அதைத்தான் எல்லோரும் தப்பாக எண்ணுகிறார்கள். பில் தொகையை யூனிட்டால் வகுத்து, "நமக்கு யூனிட் ஆறு ரூபாய் விழுகிறது" என்று வைத்துக்கொண்டு, வேலை அறைக்கு ஆகும் யூனிட்டை அதனால் பெருக்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வழி சரிவராது.

காரணம், இங்கே வீட்டு மின்கட்டணம் படிக்கட்டுபோல ஏறுகிறது. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம். அடுத்தடுத்த யூனிட்டுகளுக்கு விலை ஏறிக்கொண்டே போகும். 2024 ஜூலையில் திருத்திய கட்டணத்தை வைத்துப் பார்த்தால், 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு ஆறு ரூபாய்ச் சொச்சம், 501 முதல் 600 வரை சுமார் எட்டரை, 601 முதல் 800 வரை சுமார் ஒன்பதரை, 801 முதல் 1000 வரை சுமார் பத்தரை. குளிர்சாதனப் பெட்டி, மாவு அரைப்பது, துணி துவைப்பது, இரவுப் படுக்கையறை ஏசி எல்லாம் கீழ்ப்படிகளை முதலிலேயே எடுத்துக்கொள்கின்றன. வேலை அறை புதிதாக வந்து சேரும் செலவு. அதன் யூனிட் எல்லாம் மேல்படியில்தான் விழும். ஆகவே அதற்கு மேல்படி விலையைத்தான் போட வேண்டும்.

நம் குடும்பத்துக்குப் பார்ப்போம். ஃபேன், லேப்டாப், மானிட்டர், விளக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மாதம் 22 நாள் ஓடினால் சுமார் 28 யூனிட். இரண்டு மாதத்துக்கு 56. ஏசி வேண்டாத மாதங்களில் இந்த வீட்டின் வழக்கமான செலவு 420 யூனிட் என்று வைத்தால் அது 476 ஆகிறது. கூடுதல் 56 யூனிட்டும் ஆறு ரூபாய்ச் சொச்சத்துப் படியிலேயே அடங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு 350 ரூபாய், மாதம் 175. இதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

வெயில் வந்ததும் கதை மாறும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, கதவைச் சாத்தி 26 டிகிரியில் வைத்தால், சென்னை வெயிலில் பகல் முழுக்கச் சராசரியாக மணிக்கு 0.7 யூனிட் அளவில் இழுக்கும். மேற்குப் பார்த்த சுவர், மேலே மொட்டை மாடி என்றால் இன்னும் கூடும். எட்டு மணி நேரம், 22 நாள், இரண்டு மாதம் என்றால் 246 யூனிட். ஃபேனும் லேப்டாப்பும் சேர்ந்து மொத்தம் 300 என்று வைத்துக்கொள்வோம். இரவு ஏசியால் வீட்டுச் செலவு ஏற்கெனவே 560க்கு ஏறியிருக்கும். அதன் மேல் 300 சேர்ந்து 860. இந்த 300 யூனிட்டில் முதல் 40க்கு எட்டரை ரூபாய் வீதம் 340, அடுத்த 200க்கு ஒன்பதரை வீதம் 1,900, கடைசி 60க்குப் பத்தரை வீதம் 630. மொத்தம் 2,870 ரூபாய். மாதத்துக்கு 1,435.

சராசரி வழியில் போட்டிருந்தால்? 860 யூனிட்டுக்கு மொத்த பில் ஏறக்குறைய 5,400 வரும், யூனிட்டுக்கு ஆறேகால் ரூபாய். 300 யூனிட்டுக்கு 1,900க்குக் கொஞ்சம் கீழே. உண்மைச் செலவு அதைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் கூடுதல். வீட்டு அறையை மலிவாகக் காட்டுவது இந்த ஆயிரம்தான்.

500 யூனிட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இரண்டு மாதச் செலவு 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குச் சலுகை விலை உண்டு, யூனிட்டுக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம். 500ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் நாலரை ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். ஒரே யூனிட் தாண்டினாலும் இருநூற்றுச் சொச்சம் ரூபாய் ஏறிவிடும். ஏசி இல்லாத மாதங்களில் வீட்டுச் செலவு 420க்குப் பதில் 470 என்று இருந்தால், அதே 56 யூனிட்டுக்கு 350 இல்லை, 640 ரூபாய் ஆகிவிடும். எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற வீடுகள் ரீடிங் எடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்பே மீட்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த வாரத்தில் ஏசியைக் குறைத்துக்கொண்டால்கூட இந்தத் தொகை மிஞ்சும்.

ஆறு மாதம் ஏசி, ஆறு மாதம் ஏசி இல்லாமல் என்று வருடத்தைப் பிரித்தால், மூன்று பில்லுக்கு 2,870 வீதமும் மூன்று பில்லுக்கு 350 வீதமும் ஆகி வருடத்துக்கு 9,660. மாதத்துக்குச் சராசரியாக 805 ரூபாய்.

உங்கள் அறை எவ்வளவு இழுக்கிறது என்று அறிய எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. வேலை நாள் ஒன்றில் காலை ஒன்பது மணிக்கு மீட்டர் எண்ணைக் குறித்து, மாலை ஆறு மணிக்கு மறுபடி குறியுங்கள். வீட்டில் ஆள் இல்லாத, அல்லது வேலை அறை பூட்டிக் கிடந்த ஒரு நாளிலும் அதே நேரத்துக்குக் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அறையின் செலவு. மே மாதத்தில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை பார்த்தால் போதும். வீட்டு உரிமையாளர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்குகிறார் என்றால் படிக்கட்டுக் கணக்கு உங்களுக்கு வேண்டாம். அவர் வாங்கும் விலையால் பெருக்கினால் சரி.

வீட்டில் தொழில் செய்தால் வணிகக் கட்டணம் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. தொழில்முறையாளர் தன் வீட்டோடு சேர்ந்து வைத்திருக்கும், 200 சதுர அடிக்கு மிகாத ஆலோசனை அறைக்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்று தமிழ்நாட்டுக் கட்டண விதி சொல்கிறது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஆள் என்றால் பிரச்சினை இல்லை. போர்டு மாட்டி, நாலு பேரை வேலைக்கு வைத்து, வாடிக்கையாளர் வந்து போகிற அலுவலகமாக நடத்தினால் அது வேறு.

அறை வாடகை வருமா, வராதா

இரண்டு படுக்கையறை வீட்டுக்கும் ஒரு படுக்கையறை வீட்டுக்கும் அந்தத் தெருவில் ஆறாயிரம் ரூபாய் வித்தியாசம் என்று வைப்போம். இந்த ஆறாயிரத்தை வீட்டு அறையின் செலவில் சேர்ப்பதா? கோ-வொர்க்கிங் போனால் ஒரு படுக்கையறை வீட்டுக்கு நிஜமாகவே மாறுவீர்களா என்று கேளுங்கள். மாறுவோம் என்றால் சேருங்கள். மாறப் போவதில்லை என்றால் அந்தப் பணம் எப்படியும் போகிறது. சேர்க்காதீர்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் மாறாது. பிள்ளை வளர்கிறது, மாமியார் வந்து போகிறார், பள்ளி பக்கத்தில் இருக்கிறது. நம் உதாரணக் குடும்பமும் மாறாது. தனியாக இருப்பவர்கள், புதிதாக வீடு பார்த்துக்கொண்டிருக்கும் தம்பதிகள் நிலைமை வேறு. வீடு பிடிக்கும் முன்பே இந்த முடிவை எடுத்தால் ஆறாயிரம் நிஜமான பணம். அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்த பிறகு இதை யோசிப்பவருக்கு அது வெறும் எண்தான். சொந்த வீடாக இருந்து, அந்த அறையை வேலைக்குப் போகிற ஒருவருக்கு வாடகைக்கு விட முடியும், விடவும் மனமிருக்கிறது என்றால், வரக்கூடிய வாடகையை எண்ணலாம். "விடலாம்தான், ஆனால் விட மாட்டோம்" என்றால் சுழியம்.

அறைக்குள் வாங்கிப் போடும் பொருள்களுக்கும் இதே அளவுகோல். ஏற்கெனவே இருக்கும் மேசைக்கு இப்போது விலை போட வேண்டாம். புதிதாக வாங்குவதை அது உழைக்கும் மாதங்களால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்கு ஏசி மாட்டி முடிக்க 36,000, எட்டு வருடம் வரும் என்றால் மாதம் 375. மேசையும் நல்ல நாற்காலியும் 15,000, ஐந்து வருடம், மாதம் 250. வருடம் இரண்டு முறை ஏசி சர்வீஸ், மாதத்துக்கு 117. இணைய ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் 1,800, மூன்று வருடம், மாதம் 50. மொத்தம் 792 ரூபாய். நாற்காலியில் மட்டும் கை இறுக்காதீர்கள். சாப்பாட்டு மேசை நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் மிச்சமாகிற பணம் பிசியோதெரபிக்குப் போகும்.

வீட்டு பிராட்பேண்ட் இந்தக் கணக்கில் வராது. கோ-வொர்க்கிங் போனாலும் பிள்ளைக்கும் டிவிக்கும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். மின்தடைதான் பார்க்க வேண்டியது. சென்னையில் பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் வரை மின்சாரம் நிறுத்தும் நாட்களை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் யுபிஎஸ்ஸில் ஓடும். ஆனால் இணையம் வருமா என்பது உங்கள் வீட்டு ரவுட்டரோடு முடிகிற விஷயம் இல்லை. ஃபைபர் நேராக வீட்டுக்குள் வந்தால் வழியில் மின்சாரம் பெரும்பாலும் தேவைப்படாது. மாடிப்படிக்குக் கீழே பெட்டி வைத்து, அதிலிருந்து சாதாரண லான் கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தால், அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போனதும் உங்கள் ரவுட்டர் எரிந்துகொண்டிருந்தும் பயனில்லை. அடுத்த முறை கரண்ட் போகும்போது ஃபைபர் பெட்டியை இன்வெர்ட்டரிலோ இரவல் வாங்கிய யுபிஎஸ்ஸிலோ ஓடவிட்டுப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து சிக்னலே வரவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டில் யுபிஎஸ் வாங்குவது வீண். அந்த நாட்களுக்கு ஃபோன் ஹாட்ஸ்பாட்டை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள்.

ஆக, வீட்டுப் பக்கம் கரண்ட் 805, பொருள்கள் 792, கூடுதல் காபி, தண்ணீர் கேன் வகையில் ஒரு 200. மாதம் சுமார் 1,800 ரூபாய்.

சீட்டின் உண்மை விலை

கோ-வொர்க்கிங் இடத்தில் 6,500 என்று சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா. பெரும்பாலும் சேர்க்காமல்தான் சொல்வார்கள். 18 சதவீதம் சேர்ந்தால் 7,670. அந்த 1,170 ரூபாயை ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம், பில்லில் தன் பதிவு எண் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வருடம் இருபது லட்சத்துக்குக் கீழே வருமானம் உள்ள, பதிவு வாங்காத நம் கணக்காளருக்கு அது முழுச் செலவு.

அடுத்தது போக்குவரத்து. ஸ்கூட்டரில் ஒரு நாளைக்கு 22 கிலோமீட்டர், மாதம் 484. லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 1,080 வரும். டயர், ஆயில், சர்வீஸ் தேய்மானத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் மாதம் 370 ரூபாய் அளவுக்கு ஆகும். சேர்த்து 1,450. குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்தால் மாதம் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் சீட் கிடைத்தால் ஆயிரத்துக்கு மேல் மிச்சம். இடம் பார்க்கும்போது மாத வாடகையில் ஐந்நூறு குறைவாக இருக்கிறதே என்று ஸ்டேஷனுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். தினம் இரண்டு ஷேர் ஆட்டோ அந்த ஐந்நூறை விழுங்கிவிடும்.

சாப்பாட்டில் பெரும்பாலோர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். டப்பா எடுத்துப் போவேன் என்பது முதல் வாரத்து உறுதி. மாதத்தில் 12 நாள் வெளியே சாப்பிடுவீர்கள் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். 130 ரூபாய்ச் சாப்பாடு, வீட்டில் மிச்சமாகும் 50 போக 80 ரூபாய் வீதம் 960. இடத்தில் டீ இலவசமாக இருக்கும், சாயங்காலம் கீழே இறங்கிச் சாப்பிடும் வடையும் பஜ்ஜியும் இலவசமில்லை. நாளைக்கு 25 வீதம் 550. மொத்தம் 1,510.

சில்லறைச் செலவு இருக்கிறது. மீட்டிங் ரூம் மாதம் இரண்டு மணி நேரம் இலவசம் என்பார்கள், மூன்றாவது மணிக்குக் காசு. பிரின்ட் எடுத்தால் பக்கத்துக்குக் காசு. வண்டி நிறுத்தச் சில கட்டிடங்களில் தனிக் கட்டணம். எல்லாம் சேர்த்து 400. இரண்டு மாத டெபாசிட் 13,000 திரும்பி வரும் பணம், அதன் வட்டி மாதம் 65 ரூபாய்தான். ஆனால் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச காலம் எவ்வளவு, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதைப் படியுங்கள். மூன்று மாத லாக்-இன் இருக்கையில் முதல் மாதத்திலேயே ஒத்துவரவில்லை என்றால் இரண்டு மாத வாடகை சும்மா போகும். எந்த மாதக் கணக்கிலும் காட்டாத பெரிய செலவு அதுதான்.

ஆக 7,670, 1,450, 1,510, 400, 65. மொத்தம் சுமார் 11,100. விளம்பரத்தில் பார்த்த 6,500 இங்கே வந்து நிற்கிறது. வீட்டு அறையைவிட மாதம் ஏறக்குறைய 9,300 ரூபாய் கூடுதல்.

அந்த வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது

வரிச்சலுகை கிடைக்குமே என்று சிலர் சொல்வார்கள். கணக்காளர், வழக்கறிஞர், மருத்துவர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்ற தொழில்முறையாளர்கள் பலர் 44ஏடிஏ என்று நாம் பழகிய ஊக வருமானத் திட்டத்தில்தான் வரி கட்டுகிறார்கள். வருடம் ஐம்பது லட்சம் வரை வரவு உள்ளவர்கள் அதில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் வேண்டாம், ஆனால் வேறு செலவு எதையும் தனியாகக் கழிக்கவும் முடியாது. சீட்டுக்கு வருடம் தொண்ணூறாயிரம் கொடுத்தாலும் வரியில் ஒரு ரூபாய் குறையாது. புத்தகம் எழுதி, உண்மையான லாபத்துக்கு வரி கட்டுகிறவருக்குத்தான் அந்தச் செலவு கழியும். சம்பளம் வாங்குகிறவர் தன் கையிலிருந்து கொடுக்கும் கோ-வொர்க்கிங் கட்டணத்துக்கும் கழிவு கிடையாது.

அப்புறம், நேரம். கிண்டிக்குப் போய்வர ஒரு நாளைக்கு எண்பது நிமிடம் என்றால் மாதம் 29 மணி நேரம். அதை மணிக்கு நானூறு ரூபாயால் பெருக்கிச் செலவில் சேர்ப்பது சரியில்லை. அந்த நேரம் வேலையிலிருந்து போகிறதா, தூக்கத்திலிருந்தும் டிவியிலிருந்தும் போகிறதா? விற்கக்கூடிய நேரம் போனால்தான் அது பணம். அதேபோல வீட்டில் இழக்கும் நேரமும். கேஸ் சிலிண்டர் வந்தது, கொரியர் வந்தது, மூன்றரைக்குப் பிள்ளை வந்தது, "வீட்டில்தானே இருக்கே" என்று அத்தை ரேஷன் கடைக்கு அனுப்பினார். இவை பெண்களுக்கு அதிகமாக நடக்கின்றன என்பதைச் சொல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. ஆண் அறைக்குள் கதவைச் சாத்தினால் அலுவலகம், பெண் சாத்தினால் "என்ன பண்றா உள்ளே?" என்று நினைக்கிற வீடுகள் இன்னும் நிறைய.

இதை எண்ண ஒரு வழி இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு, தொடர்ந்து வேலை செய்த நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எழுந்து போனால் கடிகாரத்தை நிறுத்துங்கள். பிறகு ஒரு வாரம் நாள் பாஸ் வாங்கிக் கோ-வொர்க்கிங் இடத்தில் அதையே செய்யுங்கள். நம் கணக்காளர் ஒரு மணி நேரத்துக்கு நானூறு ரூபாய் சம்பாதிக்கிறார். 9,300 ரூபாய் வித்தியாசத்தை ஈடுகட்ட மாதம் 23 மணி நேரம் கூடுதல் வேலை வேண்டும், நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அவருடைய தொழிலில் இதைச் சொன்னால், கூடுதலாக ஒரு நிறுவனத்தின் கணக்கு கிடைத்தாலும் எட்டாயிரம்தான், முழுதாக ஈடாகாது. அந்த ஒரு நிறுவனமே கையில் இல்லை என்றால் மிச்சமான நேரம் வருமானமாக மாறாது. நேரம் கிடைத்தும் விற்க வேலை இல்லாத நிலையில் சீட் எடுப்பவர்கள் ஆறாவது மாதத்தில் விட்டுவிடுகிறார்கள்.

மணிக்கு ஆயிரம் ரூபாய் வாங்குகிறவருக்கு இதே வித்தியாசம் நாளைக்கு 25 நிமிடத்தில் ஈடாகிவிடும். அவர் யோசிக்கவே வேண்டியதில்லை. வீட்டை நிஜமாகவே சிறியதாக்கி ஆறாயிரம் மிச்சப்படுத்துகிறவருக்கு வித்தியாசம் 3,300 ஆகக் குறைந்துவிடும். நானூறு ரூபாய் வீதத்தில் நாளைக்கு 22 நிமிடம். ஒரே இடம், ஒரே சீட், ஆளுக்கு ஆள் விடை மாறுவது இதனால்தான்.

நம் கணக்காளருக்கு என் பதில், வீட்டு அறை, கூடவே மாதம் ஆறு நாள் பாஸ். நாள் பாஸ் 500, வரியோடு 590. அன்றைய வண்டிச் செலவையும் சாப்பாட்டையும் அதோடு சேர்த்தால் நாளுக்கு மொத்தம் 725. ஆறு நாளுக்கு 4,350. வீட்டுச் செலவோடு சேர்த்து 6,150, முழுமாதச் சீட்டைவிட ஐயாயிரம் ரூபாய் குறைவு. டெபாசிட் இல்லை, லாக்-இன் இல்லை. மின்தடை அறிவித்த நாள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நெருக்கடி நாட்கள், வாடிக்கையாளரை நேரில் பார்க்கும் நாள், உறவினர் வந்திருக்கும் நாள் என்று அந்த ஆறையும் செலவழிக்கலாம். கட்டணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், மாதச் சீட் 7,670ஐ 590ஆல் வகுக்க 13 வருகிறது. 13 நாளுக்குக் கீழே போகிறவர் நாள் பாஸ் எடுப்பதே லாபம். அதற்கு மேல் போகிறவர் மாதச் சீட்டைப் பார்க்கலாம்.

அப்படி எடுக்கும்போது இடத்தைச் சனிக்கிழமை காலையில் போய்ப் பார்க்காதீர்கள். எல்லா இடமும் அப்போது அமைதியாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். ஃபோன் பேசும் கண்ணாடிக் கூண்டுகள் எத்தனை, எத்தனை பேர் வெளியே காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால், அங்கே நாளைக்கு மூன்று மணி நேரம் அழைப்பில் இருக்கிறவருக்கு இடமில்லை. ஏசி எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ளவர்களுக்கு மாலை ஏழு மணிக்கு ஏசி நிற்கும் இடம் பயன்படாது. கணக்கு எழுதுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். திரையில் அடுத்தவரின் வங்கி விவரம் திறந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அன்றன்று காலியாக இருக்கும் இடத்தில் உட்காரும் ஹாட் டெஸ்க் எடுத்தால் அந்தச் சீட் தினமும் கிடைக்காது. நிரந்தரச் சீட்டுக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கூடக் கேட்பார்கள். மானிட்டரை அங்கேயே விட்டுப் போக வேண்டியவர்கள் முதலிலேயே அந்தத் தொகையை 6,500இன் இடத்தில் போட்டு, வரியையும் அதன் மேல் ஏற்றி, இந்தக் கணக்கை மறுபடி ஒரு முறை போட வேண்டும்.